இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினால் சரியாகுமா?

"வேலூர்–ஆம்பூர் லோடு வேன், காமன் ரெயில் டீசல். கிடைத்த பங்கில் போடுகிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது, ஐடிலில் உதறுகிறது. கிளீனர் ஊற்றலாமா?"

அண்ணா, முதலில் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். தண்ணீரை டீசலோடு கலக்கவைக்கும் மருந்து வேண்டாம். அது ஃபில்டரில் பிரிய வேண்டிய தண்ணீரைப் பம்புக்கே அனுப்பிவிடும்.

கிளீனர் முழுப் பொய் இல்லை. நாசில் முனையில் படிந்த கரியை நல்ல டிடர்ஜென்ட் மெதுவாகக் கரைக்கும், ஓரிரு டேங்க் ஓட வேண்டும். தேய்ந்த வால்வை அது சரிசெய்யாது. மைலேஜ் ஏறும் என்பதை நான் நம்புவதில்லை.

என் வேனுக்கும் இதே இழுப்புதான். இரண்டு பாட்டில் ஊற்றியும் பலனில்லை. அப்புறம் மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓட்டினார். மூன்றில் ஒரே அளவு, மூன்றாம் சிலிண்டரில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, ஸ்டார்ட்டுக்கு வேண்டிய பிரஷர் ஏறாமல் கசிந்திருக்கிறது. அதை மாற்றியதும் ஒரே செல்ஃபில் பிடித்தது.

உங்கள் வண்டியில் நான்கும் சமமாக வந்தால் மட்டும் கிளீனருக்குக் காசு போடுங்கள்.