உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு ஏழு வாரம் ஆகிறது. உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு பொருக்கு கட்டியிருக்கிறது. மெழுகை ஊற்றிக் காயவிட்ட மாதிரி இருக்கிறது. எண்ணெய் போதவில்லை என்று அத்தை தினமும் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் வைக்கிறார்கள். குறைவதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா நகத்தால் எடுத்துவிடச் சொல்கிறார். நான் கருவாடும் கத்தரிக்காயும் சாப்பிட்டதால் வந்த கரப்பான் என்றும் சொல்கிறார்கள். அவன் அழுவதில்லை, நன்றாகத் தூங்குகிறான், பால் குடிக்கிறான். உச்சிக்குழி இருக்கும் இடம் என்பதால் தொடவே பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

— ஓர் இளம் தாய், திண்டுக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

நகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோகாதே. மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம்.

நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது குழந்தை மருத்துவர்கள் 'கிரேடில் கேப்' என்று சொல்லும் பொருக்குதான். பெரும்பாலும் பிறந்து மூன்றாவது வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். குழந்தைக்கு அரிக்காது, வலிக்காது, இன்னொருவருக்கு ஒட்டாது. அவன் அழாமல் தூங்குகிறான், பால் குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாயே, நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான். குழந்தைகள் வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தபோதும் இந்தப் பொருக்கோடு வரும் தாயிடம் முதலில் கேட்பது அதுதான்.

கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீ சுத்தமாகப் பார்த்துக்கொள்ளாததால் வந்ததும் இல்லை. அவன் பிறந்தபோது உடம்பில் வெண்ணெய் தடவியதுபோல வெள்ளையாக ஒரு பூச்சு இருந்திருக்கும். அதில் ஒரு பங்கு தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுரந்தது. வயிற்றில் இருக்கும்போது உன் உடம்பின் ஹார்மோன்கள் தொப்புள்கொடி வழியாக அவனுக்குப் போயின. அவை அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிட்டிருக்கின்றன. பிறந்த பிறகும் சில மாதங்களுக்கு அந்த வேகம் முழுதாக அடங்காது. சுரக்கும் எண்ணெய் தலையிலேயே தேங்குகிறது. உதிர வேண்டிய தோல் செதில்கள் அதில் ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, மஞ்சள் பொருக்காகிவிடுகின்றன.

இதில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. மலசீசியா என்ற பூஞ்சை. நம் எல்லோர் தோலிலும் சாதுவாகக் குடியிருப்பதுதான், பெரியவர்களின் பொடுகிலும் இதற்குப் பங்கு உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள இதற்குத் தெரியாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் எண்ணெய் தேங்கும் இடத்தில் பெருகுகிறது, அங்கே தோல் எரிச்சல் கண்டு இன்னும் வேகமாகச் செதில் விடுகிறது. ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்க நினைப்பவர்கள் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள் என்று சொன்னால் உன் அத்தைக்குக் கொஞ்சம் புரியும்.

இரண்டு வேளை எண்ணெய் வைத்தும் குறையாததற்கான விடை இங்கேதான் இருக்கிறது. அத்தை கையில் எடுத்த பொருள் தவறில்லை. வைத்த எண்ணெயை அலசி எடுக்காமல் விடுவதுதான் தவறு. எண்ணெய் இந்தப் பொருக்குக்கு மருந்து இல்லை, ஊறவைக்கும் பொருள். அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோமே, அதே வேலை. ஊறியதும் கழுவிக் கொட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் பொருக்கு இன்னொரு அடுக்கு கட்டும்.

என் தங்கை பேரனுக்கு இரண்டு மாதத்தில் இது வந்தது. வெற்றிலை அளவுக்கு, முன்நெற்றியிலிருந்து உச்சிவரை. காலையும் மாலையும் எண்ணெய், அதற்கு மேல் கம்பளிக் குல்லா. குல்லாவைக் கழற்றினால் ஊறிப்போன எண்ணெயின் சிக்கு வாடை வரும். ஒரு நாள் குழந்தை தூங்கும்போது உறவுக்கார அம்மா ஒருவர் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு செதிலை நகத்தால் நெம்பி எடுத்திருக்கிறார். ஓரம்தான் தூக்கியிருந்தது, நடுவில் தோலோடு ஒட்டியிருந்தது. அடியில் சிவந்து, நீர் கசிந்தது. மறுநாள் அதே இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம். கிருமி இறங்கிவிட்டது. குழந்தை மருத்துவரிடம் போய், அவர் எழுதிக்கொடுத்த களிம்பைப் போட்டு, அது ஆற ஒரு வாரம் ஆனது. அதன்பிறகுதான் நான் போய்ப் பழைய பொருக்கில் கைவைத்தேன். செய்ததை அப்படியே சொல்கிறேன், நீயும் அதேபோலச் செய்யலாம்.

குளிப்பாட்டுவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்னால் ஆரம்பித்தேன். அரை டீஸ்பூன் எண்ணெய் போதும். கடையில் கிடைக்கும் வாசனையில்லாத பேபி ஆயில், அதாவது திரவ பாரஃபினால் ஆனது, எனக்குப் பிடிக்கும். அந்தப் பூஞ்சையால் அதைத் தின்ன முடியாது. தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது என்றால் அதுவும் ஆகும், அலசிவிடப்போகிறோம் என்ற நிச்சயம் இருந்தால். கடலை எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். விரல் நுனியில் தொட்டுப் பொருக்கின் மேல் மட்டும் தடவினேன், தலை முழுக்க இல்லை. மடியில் போட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து விரலின் சதைப்பகுதியால் தொட்டுப் பார்த்தால் தெரியும், மொறமொறப்பு போய், ஊறிய அப்பளம் மாதிரி நெகிழ்ந்திருக்கும். நெகிழவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் விடலாம், பிரஷ்ஷை அழுத்தக் கூடாது.

பிறகு பச்சைக் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ். அது இல்லாவிட்டால் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணி, அதைவிட நல்லது எதுவும் இல்லை. பேன் சீப்பு கூடவே கூடாது. நம் வீடுகளில் பாட்டிமார் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அதன் பற்கள் நகத்தைவிடக் கூர்மை. துணியைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டினேன். தானாக வருவது வரும், வராததை நாளைக்கு விட்டுவிட வேண்டும். முதல் நாள் ஒரு ரூபாய் நாணய அளவுதான் வந்தது. செதிலோடு கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்ததைப் பார்த்துத் தங்கை பதறினாள். அந்த முடி எப்படியும் உதிரப்போகிற பிஞ்சு முடிதான், திரும்ப முளைத்துவிடும். அடியில் தெரியும் தோல் இளஞ்சிவப்பாக, காய்ந்து இருந்தால் சரி. ஈரம் கசிந்தாலோ இரத்தம் துளிர்த்தாலோ அந்த இடத்தை அன்றோடு விட்டுவிடு.

அடுத்தது அலசுவது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் வெந்நீர். பேபி ஷாம்பு சில சொட்டு, கையில் நுரைத்துத் தலையில் தடவி, கண்ணில் படாமல் பின்பக்கமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். ஒரு முறை அலசினால் எண்ணெய் போகாது. இரண்டாம் முறையும் செய்து, முடியைத் தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டாத வரை ஊற்றினேன். சீயக்காய்த் தூளும் கடலைமாவும் வேண்டாம். பொருக்கின் இடுக்கில் மாவு போய் உட்கார்ந்துகொள்ளும், எளிதில் வராது. கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. துடைத்த பிறகு தலையைக் காற்றாட விட்டோம். குல்லாவைக் குளிருக்கு மட்டும் போட்டோம்.

முதல் நான்கு நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படியே செய்தோம். பன்னிரண்டாவது நாள் புருவத்துக்கு மேலே பொடிப்பொடியாகக் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். அங்கே எண்ணெய் வைக்கவில்லை, ஈரத் துணியால் துடைத்தது போதுமாக இருந்தது.

உச்சிக்குழியை நினைத்துப் பயப்படுகிறாய். பாதிப் பேர் வீட்டில் அந்த இடத்தில்தான் பொருக்கு கெட்டியாக இருக்கும், காரணம் இந்தப் பயம்தான், அங்கே யாரும் கை வைத்து அலசுவதில்லை. எலும்பு இன்னும் கூடவில்லையே தவிர, அடியில் கெட்டியான சவ்வு இருக்கிறது. விரலின் சதையால் தேய்ப்பதும், துணியால் ஒற்றுவதும், தண்ணீர் ஊற்றுவதும் அதை ஒன்றும் செய்யாது. அது துடிப்பது நாடித் துடிப்பு, இயல்பு. அது குழிந்து உள்வாங்கியிருந்தாலோ, அழாமல் அமைதியாக இருக்கும்போதும் புடைத்துக்கொண்டிருந்தாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தலையில் தடவச் சொல்பவர்கள் வருவார்கள், பெரியவர்களின் பொடுகுக்கு அப்படிச் செய்து பழகியவர்கள். பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, கற்பூரம் அதன் வழியே உள்ளே போகும், வலிப்பு வரலாம். யார் சொன்னாலும் மறுத்துவிடு. பெரியவர்களின் பொடுகு ஷாம்புவும் வேண்டாம், அவற்றில் சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலமும் அதேபோல உள்ளே இறங்கும். மருந்துக்கடையில் 'படை, சொறி எல்லாத்துக்கும் இதுதான்' என்று நீட்டும் ட்யூபையும் வாங்காதே. அவற்றில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட இரண்டு நாளில் பளிச்சென்று ஆகும், தொடர்ந்து போட்டால் குழந்தையின் தோலை மெலியவைத்துவிடும். தேவைப்பட்டால் மருத்துவரே பூஞ்சைக்கான ஷாம்புவோ, மிக மென்மையான களிம்போ சில நாளுக்கு எழுதித்தருவார். அளவும் நாளும் அவர் சொல்வதுதான்.

அவரிடம் எப்போது போக வேண்டும் என்றால், இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அசையவில்லை என்றால். முகத்துக்கும் உடம்புக்கும் பரவினால். கசிந்தால், நாற்றம் வந்தால், வீங்கினால், காய்ச்சல் அடித்தால் காத்திருக்கவே வேண்டாம். குழந்தை தலையைப் படுக்கையில் உரசிக்கொண்டே இருந்தால், தூக்கம் கெட்டால், கன்னம் வறண்டு சிவந்தால் அது அரிப்போடு வரும் கரப்பானாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. வட்டமாக முடி கொட்டி முறிந்திருந்தால் படர்தாமரையா என்று பார்ப்பார்கள். பொருக்கைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல இரத்தப் புள்ளிகள் தெரிவது மிக அபூர்வம், ஆனால் கண்டால் அன்றே காட்டிவிடு.

இன்றைக்குக் குளிப்பாட்டும்போது காதின் பின்புறத்தையும் கழுத்து மடிப்பையும் விரித்துப் பார். பொருக்கு அங்கேயும் ஒளிந்திருக்கும், பால் வழிந்து ஈரமாகவே இருப்பதால் புண்ணாகிவிடுவதும் அங்கேதான். அங்கே எண்ணெய் வேண்டாம், வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிட்டால் போதும்.

அவனுடைய எண்ணெய்ச் சுரப்பிகள் மெல்ல அடங்கிவிடும், அதன்பிறகு மீசை முளைக்கும் வயதில்தான் மறுபடி விழிக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இது சுவடு தெரியாமல் போய்விடும். அதுவரை நடுநடுவே கொஞ்சம் திரும்பக் கட்டினால் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைக்காதே. அரை டீஸ்பூன் எண்ணெய், கால் மணி நேரம், இரண்டு முறை அலசல். அத்தையையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். எண்ணெய் வைக்கும் வேலை அவர்களுடையது, அலசும் வேலை உன்னுடையது.

அன்புடன்,
அக்கா