15 நாளில் ஒரு பதில்: மகளின் ஏ.பி.ஏ.ஆரும் அப்பாவின் கோபமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும், மகளின் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையான ஏ.பி.ஏ.ஆரின் நகலும், அதை எதிர்த்து நீங்களே எழுதி வைத்திருக்கும் நான்கு பக்க மனுவும் கிடைத்தன. மனுவை இரண்டு முறை படித்தேன். பெற்ற மனசு என்பது வரிக்கு வரி தெரிகிறது. அதனாலேயே அதை அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

முதலில் தேதி. ஆகஸ்ட் 28 அன்று அறிக்கையைப் பெற்றதாக மகள் கையெழுத்திட்டிருக்கிறார். மத்திய அரசு ஊழியருக்கு, பெற்ற நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். செப்டம்பர் 12 தாண்டினால், சொல்வதற்கு எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்த பலர் முதல் பத்து நாளைக் கோபத்திலும் அடுத்த நான்கு நாளை யோசனையிலும் கழித்துவிட்டு, கடைசி ராத்திரி உட்கார்ந்து எழுதியவர்கள்.

"அந்தக் காலத்தில் சி.ஆர். என்ற ரகசிய அறிக்கையைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள், இப்போது காட்டிக் குத்துகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டுவதால்தான் நமக்கு இந்த வழியே இருக்கிறது. முன்பு பாதகமான குறிப்பை மட்டும் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு ஒரு வருடம் 'குட்' என்று போட்டிருந்தார்கள். திட்டாத சொல்தானே என்று அதைத் தெரிவிக்கவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு 'வெரி குட்' தேவைப்பட்டதால் அந்த நல்ல சொல்லே அவர் காலை வாரியது. 2008இல் உச்ச நீதிமன்றம், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பணியாளர் துறை, முழு அறிக்கையையும் கொடுத்து 15 நாள் அவகாசமும் தர வேண்டும் என்று ஆணை போட்டது.

அந்த ஆணையில் ஒரு வரிதான் நமக்கு முக்கியம். மனு, அறிக்கையில் உள்ள குறிப்பான உண்மை விவரங்களுக்குள் நிற்க வேண்டும் என்கிறது அது. உங்கள் நான்கு பக்கத்தில் அப்படி நிற்பது ஏழெட்டு வரிதான். மீதியெல்லாம் அந்த அதிகாரியின் குணம், அவருக்கு வேண்டியவர்கள், மகள் பள்ளியில் வாங்கிய பரிசு. படிப்பவர் முதல் பக்கத்திலேயே "ஆபீஸ் சண்டை" என்று முடிவு கட்டிவிடுவார். பிறகு உண்மையான ஏழு வரியும் அவர் கண்ணில் படாது.

இனி மதிப்பெண்ணைப் பாருங்கள். வேலை வெளிப்பாட்டுக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30. மகளுக்கு முறையே 5.5, 6.0, 6.4 கிடைத்திருக்கிறது. கணக்கிட்டால் 2.2, 1.8, 1.92. மொத்தம் 5.92. நான்கிலிருந்து ஆறுக்குள் இருந்தால் 'குட்', ஆறிலிருந்து எட்டுக்குள் 'வெரி குட்'. பத்து வருடம் கழித்து, பதவி உயர்வு இல்லாமலே அடுத்த சம்பள நிலை தரும் எம்.ஏ.சி.பி. வாங்க 2016 ஜூலையிலிருந்து 'வெரி குட்' தேவை. ஆக 0.08தான் குறைகிறது.

பண்புகள் பகுதியில் ஒன்பது அம்சங்கள். மொத்தம் 54, சராசரி 6. அதில் நேர ஒழுங்குக்கு மட்டும் 4. அது 7 ஆனால் மொத்தம் 57, சராசரி 6.33. அந்தப் பகுதியின் பங்கு 1.9 ஆகி, மொத்தம் 6.02 வந்துவிடும். எல்லாக் குறிப்பையும் எதிர்த்துப் போராட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு அம்சத்தைச் சான்றோடு திருத்த முடிந்தால் போதும். மற்றதில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்வதால் நஷ்டம் பெரிதாக இல்லை. சொல்லப்போனால், ஒப்புக்கொண்ட இடம்தான் மறுக்கிற இடத்துக்கு எடை கொடுக்கும்.

அதிகாரி எழுதிய குறிப்புகள் நான்கு. ஆர்.டி.ஐ. பதில்கள் காலத்தில் போகவில்லை. குறிப்புரைகள் திருத்தத்துக்குத் திரும்புகின்றன. அடிக்கடி தாமதமாக வருகிறார். சக ஊழியர்களோடு ஒத்துப்போவதில்லை.

முதலாவது உண்மை. மகளிடம் போனில் கேட்டேன். 46 மனுக்களில் மூன்றுக்கு 30 நாள் கெடு தாண்டியிருக்கிறது: 4 நாள், 6 நாள், 11 நாள். அந்தப் பதினோரு நாளுக்குக் காரணம் வேறு பிரிவிலிருந்து தகவல் தாமதமாக வந்தது என்கிறார். நியாயம்தான். ஆனால் நினைவூட்டல் ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். அப்படியானால் அந்தக் காரணத்தை எழுதக் கூடாது. பதிவேட்டைப் புரட்டினால் பத்து நிமிஷத்தில் வெளுத்துவிடும். மூன்று என்ற எண்ணை அவரே சொல்லி, இப்போது என்ன செய்கிறார் என்பதையும் சொன்னால் போதும். எண்ணைச் சொல்லாமல் "தவறு நேர்ந்தது உண்மை" என்று பொதுவாக எழுதினால் அது மூன்றா முப்பதா என்று யாருக்கும் தெரியாது. குற்றத்தை நாமே பெரிதாக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவதும் ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆங்கிலக் குறிப்புரையில் தடுமாறுகிறேன் என்று அவரே என்னிடம் சொன்னார்.

மூன்றாவதில்தான் நிற்க வேண்டும். "ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை" என்று உங்கள் மனுவில் இருக்கிறது. இந்த 'ஒருநாள்கூட' என்ற சொல் ஆபத்து. பயோமெட்ரிக் வருகைப்பதிவை மகள் எடுத்துப் பார்த்தார். ஏப்ரல் முதல் மார்ச் வரை வந்த நாள்கள் 231. தாமதம் ஐந்து நாள், அதில் இரண்டு முன்னனுமதியோடு. ஐந்து என்பது 'அடிக்கடி' ஆகாது. ஆனால் 'ஒருநாள்கூட' என்று எழுதி, அங்கே ஐந்து என்று காட்டினால், மனு முழுக்கப் பொய்யாகிவிடும்.

நான்காவது அபிப்பிராயம். "நான் எல்லோரோடும் நன்றாகப் பழகுவேன்" என்று எழுதி அதை மறுக்க முடியாது, சாட்சிக்கு நான்கு பேரிடம் கையெழுத்து வாங்குவது அதைவிட மோசம். அறிக்கைக்குள்ளேயே தேடுங்கள் என்றேன். அதே அதிகாரி, குழுவாக வேலை செய்யும் திறனுக்கு 7 போட்டிருக்கிறார். எழுத்தும் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும்.

இன்னொன்றும் சரிபார்த்தேன். மதிப்பீடு எழுதியவர் அந்த ஆண்டில் குறைந்தது மூன்று மாதம் மகளின் வேலையை மேற்பார்த்திருக்க வேண்டும். இவர் முழு ஆண்டும் இருந்திருக்கிறார். ஆகவே அந்த வழி இல்லை.

மகள் ஆங்கிலத்தில் கொடுப்பார். பொருள் இப்படி இருக்கலாம்:

"என் 2024–25 ஏ.பி.ஏ.ஆர். நகலை 28.8.2025 அன்று பெற்றேன். அதிலுள்ள சில குறிப்புகள் பற்றி என் மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

ஆர்.டி.ஐ. பதில்கள் பற்றிய குறிப்பை ஏற்கிறேன். நான் கையாண்ட 46 மனுக்களில் மூன்றுக்குக் கெடு கடந்து பதில் சென்றது. மே மாதம் முதல் 20ஆம் நாளில் நிலுவைப் பட்டியலைப் பிரிவு அலுவலரிடம் வைத்து வருகிறேன். அதன்பின் எந்தப் பதிலும் கெடு கடக்கவில்லை. குறிப்புரை எழுதுவதில் திருத்தம் தேவை என்பதையும் ஏற்கிறேன். அதற்கான அலுவலகப் பயிற்சிக்கு என்னை அனுப்பக் கோருகிறேன்.

'அடிக்கடி தாமதமாக வருகிறார்' என்ற குறிப்பு வருகைப்பதிவோடு பொருந்தவில்லை. பணிக்கு வந்த 231 நாள்களில் ஐந்து நாள் தாமதம். அவற்றில் இரண்டு முன்னனுமதியுடன். பதிவின் நகல் இணைப்பு 1. ஆண்டில் இது குறித்து எனக்குக் குறிப்பாணை எதுவும் தரப்படவில்லை. சக ஊழியர்கள் பற்றிய குறிப்பில் நிகழ்வு எதுவும் சொல்லப்படவில்லை. குழுப்பணிக்கு 7 வழங்கப்பட்டிருப்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

வருகை பற்றிய குறிப்பை நீக்கி, நேர ஒழுங்குக்கான மதிப்பெண்ணையும் மொத்த மதிப்பீட்டையும் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கம். குறிப்பாணை தரப்படவில்லை என்ற வரியை மகள் தன் கோப்பைப் பார்த்து உறுதி செய்த பிறகே வைக்க வேண்டும். மே மாதத்துக்குப் பின் கெடு கடக்கவில்லை என்பதையும் அப்படியே. ஏற்ற பத்தியில் 'ஆனால்' இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஏற்கிறேன், ஆனால் ஆள் பற்றாக்குறை" என்று எழுதினால் அது ஏற்பே இல்லை. "பாரபட்சம்", "பழிவாங்கல்" என்ற சொற்களும் இல்லை. மனுவை முடிவு செய்யும் அதிகாரி, அறிக்கையை எழுதியவரையே அழைத்துக் கருத்துக் கேட்கலாம். அவர் மனசில் தைக்கிற சொல் இருந்தால், அங்கே அவர் வருகைப்பதிவைப் பற்றிப் பேச மாட்டார், அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசுவார்.

எம்.பி. ஒருவர் தெரிந்தவர், பேசச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது ஐயா. 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 20ஆம் விதி, பணி விஷயத்தில் வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தடை செய்கிறது. நீங்கள் தந்தையாகக் கையெழுத்திட்டு மேலதிகாரிக்கு எழுதினாலும் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள். 5.92க்காகப் போய் ஒழுங்கு நடவடிக்கையை வாங்கிவர வேண்டாம். மனு மகளின் கையெழுத்தில், உரிய வழியாக மட்டும் போகட்டும்.

மனு கிடைத்து 30 நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் பணிவான நினைவூட்டல் ஒன்று போதும். அபிப்பிராயக் குறிப்பு நீங்குவது அபூர்வம். வருகைக் குறிப்பு பதிவால் பொய்யாவதால் அதில்தான் எனக்கு நம்பிக்கை. நிராகரித்தால் காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக ஓராண்டு அவகாசம் உண்டு. ஆனால் அதைப் பற்றி இப்போது மகளிடம் பேச வேண்டாம்.

செப்டம்பர் 10க்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நகலில் தேதியோடு பெற்றதற்கான முத்திரை வாங்க வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் சமர்ப்பித்த பக்கத்தை அச்செடுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் ஆங்கில வரைவை, அலுவலகப் பெயரை மறைத்து, எனக்கு ஒருமுறை அனுப்பட்டும். அவரே எழுதியதை அனுப்பட்டும், ஐயா.