விடுவித்த பின் வீட்டில் இருக்கச் சொல்லும் கடிதம்: கையெழுத்திடுமுன் ஒரு தேதியைத் திருத்துங்கள்

கேள்வி: கப்பலூரில் உள்ள ரப்பர் உதிரிபாக ஆலையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன், இப்போது டெக்னிக்கல் ஜெனரல் மேனேஜர். மாதச் சம்பளம் மொத்தம் ரூ.1,80,000, அதில் பேசிக் ரூ.72,000. கோவையில் இதே தொழில் செய்யும் நிறுவனம் ஜூலை 1-ல் வந்து சேரச் சொல்கிறது. ஜூன் 1-ல் ராஜினாமா கொடுத்தேன். அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் “மூன்று மாத நோட்டீஸ், அல்லது நிர்வாகத்தின் விருப்பப்படி அதற்கு ஈடான சம்பளம்” என்று இருக்கிறது. ஹெச்.ஆர். இப்போது ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “ஜூன் 10 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். விடுவித்த நாளிலிருந்து மூன்று மாதம் கார்டன் லீவ். அக்காலத்தில் சம்பளம் வழங்கப்படும், போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது” என்று அதில் உள்ளது. கையெழுத்துப் போடலாமா? மீறிச் சேர்ந்தால் என்ன ஆகும்?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: இப்போதுள்ள வாசகத்தில் கையெழுத்திட வேண்டாம். அந்தக் கடிதம் உங்களைக் கட்டிப்போடுகிறது என்பது மட்டும் காரணமல்ல. அது நிறுவனத்துக்கும் பயன்படாமல், உங்களுக்கும் சம்பள உறுதி தராமல் அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் காரணம் “விடுவிக்கப்படுகிறீர்கள்” என்ற ஒரே சொல்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 27, ஒருவர் சட்டப்படியான தொழிலையோ வேலையையோ செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வணிகத்தின் நற்பெயரை விற்றவர் அதே தொழிலை அருகில் தொடங்கக்கூடாது என்பது போன்ற விதிவிலக்கு உண்டு. ஊழியருக்கு அது பொருந்தாது. இங்கிலாந்தில், வேலையை விட்ட பிறகான தடை நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கும். ஊழியரைச் சம்பளத்துடன் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் கார்டன் லீவ் என்ற ஏற்பாடும் அங்கிருந்து வந்ததுதான். அங்கே எழுதப்பட்ட மாதிரி ஒப்பந்தங்களை நம் ஊர் ஆலைகள் அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதால்தான் இத்தகைய கடிதங்கள் வருகின்றன. நம் சட்டத்தில் வேலை முடிந்த பிறகான தடைக்கு, அது மூன்று மாதமே ஆனாலும், நியாயமானதுதானா என்ற சோதனை இல்லை. 2006-இல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கிலும் ஒப்பந்தம் முடிந்த பிறகு தொடரும் தடை செல்லாது என்றே கூறியது.

வேலை நடப்பில் இருக்கும்போது உள்ள தடை வேறு. 1967-இல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் டயர் கார்டு நூல் தயாரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் காலம் முடியுமுன் போட்டி ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்று, அவருக்கு எதிரான தடை உத்தரவை உறுதி செய்தது. ஆக, நீங்கள் எந்த நாள் வரை அந்த ஆலையின் ஊழியர் என்பதே உங்கள் வழக்கின் அச்சாணி. அந்த நாள் வரை தடை நிற்கும். அதற்கு மறுநாள் விழுந்துவிடும்.

உங்கள் கடிதத்தின் சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது. ஜூன் 10-இல் விடுவித்துவிட்டு, அதன் பிறகு மூன்று மாதம் என்று எண்ணினால் செப்டம்பர் 10 வருகிறது. உங்கள் நோட்டீஸ் காலமோ ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. எனவே இந்தக் கடிதம் நோட்டீஸ் காலத்தைத் தாண்டி பத்து நாள் கூடுதலாக ஓடுகிறது. அதைவிட முக்கியமாக, அந்த மூன்று மாதம் முழுவதையும் வேலை முடிந்த காலமாகவே காட்டுகிறது. மும்பை உயர் நீதிமன்றம் வி.எஃப்.எஸ். குளோபல் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2007-இல் ஏறத்தாழ இதே வடிவத்தைப் பார்த்தது. வேலை முடிந்த பின் மூன்று மாதம் கார்டன் லீவ், அதற்கு இழப்பீடு என்பதே அங்கும் நிபந்தனை. பணம் கொடுப்பதால் முடிந்துபோன வேலை மீண்டும் உயிர்பெறாது என்று கூறி, நீதிமன்றம் அதைப் பிரிவு 27-க்கு முரணான தடையாகவே கண்டது.

அப்படியானால் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு செல்லாது என்று சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதைத்தான் நான் தடுக்கிறேன். தடை செல்லாது என்று நீங்கள் வாதிடும் அதே நாளில், அந்தத் தடைக்கு ஈடாக வாக்களித்த சம்பளத்தைக் கேட்கும் உங்கள் நிலையும் பலவீனமாகும். “சம்பளம் வழங்கப்படும்” என்பது எந்தச் சம்பளம் என்றும் கடிதத்தில் இல்லை. ஜூன் 11 முதல் ஆகஸ்ட் 31 வரை மொத்தச் சம்பளம் என்றால் ஜூனில் 20 நாளுக்கு ரூ.1,20,000, மற்ற இரு மாதத்துக்கு ரூ.3,60,000, ஆக ரூ.4,80,000. பேசிக் மட்டும் என்று நிறுவனம் பொருள் கொண்டால் அதே காலத்துக்கு ரூ.1,92,000. வரையறுக்காத ஒரு சொல்லுக்கு உங்கள் வீட்டில் ரூ.2,88,000 விலை.

முதலில் கையெழுத்தைத் தள்ளிவைத்து, ஹெச்.ஆர்.-க்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். ஜூன் 10-க்குப் பிறகு நான் நிறுவனத்தின் ஊழியரா, அல்லவா என்று மட்டும் கேளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவையுங்கள்.

ஊழியர் அல்ல என்று பதில் வந்தால், நோட்டீஸ் காலத்தை நிறுவனமே சுருக்கிவிட்டது என்று பொருள். உங்கள் ஆர்டரில் ஈடான சம்பளம் கொடுத்து முடித்துக்கொள்ளும் விருப்பம் நிர்வாகத்திடம் இருக்கிறது. அந்த விருப்பத்தைப் பயன்படுத்தினால் மீதிக் காலத்துக்கான சம்பளத்தை நீங்கள் கேட்கலாம். ஜூலை 1-இல் கோவையில் சேர்வதைத் தடுக்க நிறுவனம் வழக்குப் போட்டாலும், மேலே சொன்ன தீர்ப்புகள் உங்கள் பக்கம் நிற்கும்.

ஊழியர்தான் என்று பதில் வந்தால், ஆகஸ்ட் 31 வரை நீங்கள் சேரக்கூடாது. இங்கே “நிர்வாகத்தின் விருப்பப்படி” என்ற சொற்கள் உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன. “இரு தரப்பில் எவரும்” என்று இருந்திருந்தால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு நீங்களே விலகியிருக்கலாம். இப்போது அந்தக் கதவின் சாவி நிர்வாகத்திடம் உள்ளது. சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஜூலையில் கோவையிலும் சேர்ந்தால், கோலிகரி வழக்கின் சூழல் உங்கள் மேலேயே வந்து விழும். உங்களைக் கட்டாயப்படுத்தி கப்பலூரில் வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஆனால் வேறிடத்தில் செய்யாமல் தடுக்க, குறிப்பிட்ட தீர்வுச் சட்டம் 1963-இன் பிரிவு 42 இடம் தருகிறது. புதிய நிறுவனத்தின் மேலும் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக வழக்கு வரலாம். சேரும் தேதியை செப்டம்பர் 1-க்கு மாற்றித் தருமாறு கோவையில் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

இந்த இரண்டாவது வழியே நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். மூத்த தொழில்நுட்ப மேலாளரை ஜூலையிலேயே போட்டி நிறுவனத்துக்கு விட்டுவிட எந்த ஆலையும் விரும்பாது. அப்போது கடிதத்தின் வாசகம் இப்படி மாறட்டும்: “திரு. … அவர்களின் பணி ஆகஸ்ட் 31 வரை தொடர்கிறது. ஜூன் 11 முதல் அந்நாள் வரை அவர் ஆலைக்கு வரத் தேவையில்லை. அக்காலம் முழுவதும் மாத மொத்தச் சம்பளமான ரூ.1,80,000, பி.எஃப். பங்குத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை இப்போதுள்ளபடியே வழங்கப்படும். பணி தொடரும் இக்காலத்தில் அவர் வேறு நிறுவனத்தில் பணியேற்க மாட்டார். ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பணியேற்க நிறுவனத்தின் தடை ஏதும் இல்லை.” இந்த வாசகத்தை ஹெச்.ஆர். மறுக்கக் காரணம் குறைவு. அவர்களுடைய தடை நீதிமன்றத்தில் நிற்பதும் இப்படி எழுதினால்தான்.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1980-இல் முடிந்த கிருஷண் முர்காய் வழக்கு சாட்சி. நிறுவனத்தை “விட்டுச் சென்ற” பிறகு இரண்டாண்டு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனையில், அச்சொல் தாமாக விலகுவதையே குறிக்கும், வேலைநீக்கத்தைக் குறிக்காது என்று உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. நிறுவனம் அவரை நீக்கியிருந்ததால் தடை அவரைத் தொடவில்லை.

ரகசியக் காப்பு பற்றி நிறுவனம் தனி வரி சேர்க்கக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது ஆகஸ்ட் 31-க்குப் பிறகும் நீடிக்கலாம். அது வேலையைத் தடுப்பதில்லை, தகவலை மட்டுமே காக்கிறது. ரப்பர் கலவையில் கார்பன் பிளாக்கும் கந்தகமும் எந்த விகிதம் என்று எழுதிய ஃபார்முலா தாள், வாடிக்கையாளர் வாரியான விலைப் பட்டியல், டை வரைபடங்கள் ஆகியவை நிறுவனத்தின் சொத்து. 11 ஆண்டுகளில் உங்கள் கையில் ஏறிய தொழில் திறமை உங்களுடையது. சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கோப்பைக்கூட அனுப்பாதீர்கள். லேப்டாப்பை ஒப்படைக்கும்போது தேதியுடன் ரசீது வாங்குங்கள். ஊழியருக்கு எதிராக நீதிமன்றத்தை எளிதில் நகர்த்துவது, கடைசி வாரத்தில் அனுப்பப்பட்ட இத்தகைய மின்னஞ்சல்தான்.

இடைக்காலத் தடை உங்களைக் கேட்காமலேயே பிறப்பிக்கப்படும் என்று அஞ்சினால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148ஏ-இன் கீழ் கேவியட் மனு தாக்கல் செய்யலாம். அது 90 நாள் மட்டுமே நடப்பில் இருக்கும் என்பதால் இன்று போட்டால், நீங்கள் கோவையில் சேரும் செப்டம்பருக்குள் காலாவதியாகியிருக்கக்கூடும். ஆகஸ்ட் கடைசி வாரம் போடுவது சரியான நேரம். எந்த ஊர் நீதிமன்றம் என்று ஆர்டரில் வரையறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னை என்று இருந்தால் மதுரையில் மட்டும் போடுவது போதாது. கேவியட்டின் நகலை நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாக வேண்டும். அதாவது நீங்கள் எதிர்பார்ப்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

கையெழுத்தான பிறகும் ஒன்றைக் கவனியுங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பங்குத்தொகை ஏறியிருக்கிறதா என்றும், பி.எஃப். இணையதளத்தின் பணி வரலாற்றுப் பக்கத்தில் பணிவிலகல் தேதியாக ஜூன் 10 பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். கடிதம் ஆகஸ்ட் 31 என்று சொல்ல, பதிவு ஜூன் 10 என்று சொன்னால், அன்றே அந்தப் பக்கத்தின் அச்சு நகலுடன் ஹெச்.ஆர்.-க்குத் திருத்தக் கோரிக் கடிதம் கொடுங்கள். ஆகஸ்ட் 31-இல் வரும் ரிலீவிங் ஆர்டரிலும் அதே தேதி இருக்க வேண்டும்.