முகப்பு நம்ம வங்கி, வீடு யாருடையது?

கேள்வி: ரிவார்டு பாயிண்ட் இன்றோடு முடிகிறது என்று மெசேஜ் வந்தது. லிங்க்கை அழுத்தியதும் வந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். முகவரியில் bank.in என்று தெளிவாகவே இருக்கிறது. பாஸ்வேர்டு போடலாமா ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: போடாதீர்கள். உங்கள் படத்தில் உள்ள முகவரி இது. வங்கியின் பெயரையும் கடைசித் துண்டையும் மாற்றியிருக்கிறேன், இல்லாவிட்டால் யாராவது தட்டிப் பார்த்துத் தொலைப்பார்கள்.

```
https://netbanking.yourbank.bank.in-login.example/retail
```

https:// போகட்டும். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். example, ஒரு புள்ளி, அப்புறம் in-login. அவ்வளவுதான், வீட்டுக்காரர் in-login.example. நீங்கள் பார்த்த in தனித் துண்டே இல்லை. ஒரு சின்னக் கோடு போட்டு login-ஓடு ஒட்ட வைத்திருக்கிறார்கள். in முடிந்ததும் கோடு இல்லாமல் நேராகச் சாய்கோடு வந்திருந்தால் சரி:

```
https://netbanking.yourbank.bank.in/retail
```

நம்மூர்ப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் முடியும். உள்ளே எந்த அறைக்கு என்ன பெயர் என்பது வீட்டுக்காரர் இஷ்டம். இணைய முகவரியிலும் இடப்பக்கத் துண்டுகள் அறைகள்தான். திருடன் தன் வீட்டு அறைக்கு உங்கள் வங்கியின் பெயரை வைத்தால் தடுக்க ஆளில்லை. bank.in என்ற முடிவு மட்டும் அவனுக்குக் கிடைக்காது. ரிசர்வ் வங்கி 2025-ல் வங்கிகளை அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறச் சொன்னது. ரிசர்வ் வங்கி ஐதராபாத்தில் நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. என்ற நிறுவனம் வழியாகத்தான், வங்கிகளுக்கு மட்டும்தான் அதைப் பதிவு செய்கிறார்கள்.

படத்தை வைத்து இவ்வளவுதான் சொல்லலாம். சிறிய எழுத்தில் rn சேர்ந்து m மாதிரித் தெரியும், l-ம் 1-ம் ஒன்றுபோல் இருக்கும். முகவரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் முதல் சாய்கோடே தெரியாது. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் ‘போலி’ என்று நான் சொல்வேன், ‘அசல்’ என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே?
– தேவகோட்டை

பதில்: திருடனும் தன் வீட்டைப் பூட்டுவான்.

கேள்வி: வங்கியே குட்டி லிங்க் அனுப்புகிறது. எதை நம்புவது?
– ஜவுளிக்கடைக்காரர், புதுவயல்

பதில்: என் ஆறாத கோபத்தைக் கிளறிவிட்டீர்கள். ‘லிங்க்கை அழுத்தாதீர்கள்’ என்று காலையில் ஒரு மெசேஜ், ‘முன்பே அனுமதித்த கடன், அழுத்துங்கள்’ என்று மாலையில் ஒரு குட்டி லிங்க். அதில் வங்கியின் பெயர்கூட இருக்காது, போய்ச் சேரும் இடம் அழுத்தின பிறகுதான் தெரியும். பல ஆண்டுகளாக ஒரே வங்கி அட்டைக்கு ஒரு முகவரி, கடனுக்கு ஒன்று, சலுகைக்கு ஒன்று என்று வைத்து, எது வந்தாலும் நம்பும்படி நம்மைப் பழக்கிவிட்டார்கள். அப்புறம் ஏமாந்தவரைப் பார்த்து ‘கவனமாக இருந்திருக்க வேண்டாமா’ என்பார்கள். நானும் அப்படி ஏமாந்தவன்தான். கண்டாங்கிச் சேலை பாதி விலை என்ற ஒரு லிங்க்கில் 2,400 ரூபாய் கட்டினேன். கடையின் பெயர் முகவரியின் இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது. சேலை இன்னும் வரவில்லை. இப்போது எந்த லிங்க்கையும் அழுத்துவதில்லை; முகவரியை நானே தட்டி, ஒருமுறை சேமித்து வைத்து, அதன் வழியாக மட்டும் போகிறேன்.

கேள்வி: போலிப் பக்கம் என்று தெரியாமல் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டேன். நேற்று இரவு 46,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– பள்ளத்தூர்

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லம்மா. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசச் சொல்லி உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: 1930-ல் சொன்னதும் cybercrime.gov.in-இல் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்கிலேயே இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு. வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அத்தாட்சி கையில் இருக்கட்டும்.

கேள்வி: கூகுளில் தேடி முதலில் வந்த விளம்பரத்தில் லாகின் செய்து போன வருடம் ஏமாந்தேன். இந்த வருடமும் அப்படியே ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?
– கானாடுகாத்தான்

பதில்: பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே நடந்து போங்கள்.