ஓட்டப்பந்தயம்: போனோடு எங்கே நிற்பது?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. அடுத்த வாரம் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓடுகிறாள். போன தடவை முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தும் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஒன்று கலங்கலாக இருக்கிறது, இல்லையென்றால் வேறு யாராவது மறைக்கிறார்கள். இருப்பது போன் மட்டும்தான். எங்கே நின்று எப்படி எடுப்பது?

பதில்: கோட்டுக்கு நேர் பக்கத்தில் நின்றதுதான் சிக்கலே. கோட்டைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் தள்ளிப்போய், ஓடுதளத்துக்கு வெளியே, ஓடி வருபவர்களைப் பார்த்தபடி சாய்வாக நில்லுங்கள்.

காரணம் எளிது. இந்த வயதில் 100 மீட்டரை 20 நொடியில் ஓடினால் நொடிக்கு 5 மீட்டர் வேகம். ஷட்டர் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலே அதற்குள் குழந்தை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள். வீசும் கையும் காலும் அதைவிட அதிகம் நகரும். பக்கவாட்டில் நிற்கும்போது அத்தனையும் படத்தில் குறுக்கே இழுபடும். எதிரே நின்றால், அதே வேகத்தில் வந்தாலும் படத்துக்குள் அவள் இடம் மாறுவது மிகக் குறைவு, உருவம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். முகமும் கிடைக்கும். இன்னொன்று, பக்கத்தில் நின்றால் முதல் தடத்தில் ஓடும் பிள்ளை மற்ற ஐந்து பேரையும் மறைத்துவிடுவாள். சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே தெரிவார்கள்.

நேர் எதிரே, தடத்துக்குள்ளேயே போய் நிற்க வேண்டாம். ஓடி வந்த பிள்ளைகள் நின்று அடங்கவே பத்துப் பதினைந்து மீட்டர் வேண்டும். நீங்கள் குறுக்கே நின்றால் யாராவது மோதி விழுவார்கள், அதற்கு முன் பி.டி. ஆசிரியரின் விசில் வந்துவிடும். கடைசித் தடத்தின் வெளிக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் விலகி நின்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இடமா வலமா என்பதை மகளின் தடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அவள் ஒன்றாம் தடத்தில் என்றால் ஒன்றாம் தடத்தின் பக்கம், ஆறாம் தடத்தில் என்றால் ஆறாம் தடத்தின் பக்கம். நடுத்தடம் என்றால் வெயிலைப் பாருங்கள்: சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கிற இடம் நல்லது. சில மைதானங்களில் பிள்ளைகள் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டுதான் ஓடி வருவார்கள், எந்தப் பக்கம் நின்றாலும் முகம் இருட்டாகத்தான் விழும். அப்போது திரையில் முகத்தின் மீது தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பின்னால் வானம் வெளுத்துப் போகும். போகட்டும், நமக்கு வேண்டியது முகம்.

ஜூமை விரலால் இஷ்டத்துக்கு விரிக்காதீர்கள். திரையில் இருக்கும் 2x பொத்தான் போதும், போனைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். எட்டு மீட்டரில் அந்தச் சட்டத்துக்குள் ஏறக்குறைய 6 மீட்டர் அகலம் அடங்கும், அதாவது நான்கைந்து தடங்கள். 130 சென்டிமீட்டர் உயரப் பிள்ளை படத்தின் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வருவாள். பக்கத்தில் ஓடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் இல்லையென்றால் அது பந்தயமாகவே தெரியாது. உட்காருங்கள், அல்லது ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளுங்கள். போன் அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தால் படத்தில் ஆளும் நிமிர்ந்து தெரிவாள், பின்னணியில் புழுதித்தரை குறையும்.

இனி எடுக்கும் விதம். அவளுக்கு முந்தைய பந்தயங்களை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் உட்கார்ந்து, முடிவுக்கோட்டில் ரிப்பன் பிடித்து நிற்பவரைத் திரையில் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சின்னப் பூட்டுக் குறி வரும். நடுவில் போனை அணைத்தாலோ வேறு ஆப்புக்குப் போனாலோ பூட்டு விட்டுப்போகும், ஆகவே மகளின் பந்தயத்துக்குப் பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றதும் மறுபடி ஒரு முறை பூட்டிவிடுங்கள்.

ஒற்றைப் படத்தை நம்ப வேண்டாம். ரிப்பன் தொடும் கணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் அது ஏற்கனவே போய்விட்டிருக்கும். தொடர்படம், அதாவது பர்ஸ்ட் எடுங்கள். ஐபோனில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் நொடிக்குப் 10 படம் விழும். போனைக் கிடைமட்டமாகத் திருப்பினால் இழுக்கும் திசையும் மாறுவதால் வீட்டிலேயே ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள். மற்ற போன்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிலவற்றில் தொடர்படம் வரும், சிலவற்றில் வீடியோ ஓடத் தொடங்கிவிடும். இதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். மகள் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் வரும்போது தொடங்கி, கோட்டைத் தாண்டி இரண்டு நொடி வரை விடாமல் பிடியுங்கள். நல்ல முகம் பெரும்பாலும் ரிப்பனில் கிடைக்காது, அதற்கு அடுத்த நொடியில்தான் கிடைக்கும்: யார் முந்தினது என்று பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அங்கே.

ஒத்திகைப் படங்களை அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். கோடும் பின்னால் நிற்பவர்களும் கூர்மையாக இருந்து ஓடுபவர் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாக இருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள். பின்னணி கூர்மை, ஓடுபவர் இழுபடாமல் வெறுமனே மெத்தென்று தெரிகிறார் என்றால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது, பூட்டைச் சரி செய்யுங்கள். மொத்தப் படமும் பால் பூசினாற்போல் இருந்தால் லென்ஸில் விரல் ரேகை. இதுதான் அதிகம் நடப்பது, யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நல்ல வெயிலில் போன் தானாகவே ஷட்டரை வேகமாக்கிக்கொள்ளும். மேகமூட்டத்திலும் மாலையிலும்தான் தொல்லை. புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவைத் தானியங்கியில் விடுங்கள். படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாக வந்தாலும் இழுபடாது. ஆனால் சில போன்களில் புரோ மோடில் தொடர்படம் எடுக்க வராது. அப்போது 4கே வீடியோ எடுத்துப் பிறகு ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கலாம். அது சுமார் 8 மெகாபிக்சல் இருக்கும், அச்சுப் போடவும் போதும். வெளிச்சம் மிகக் குறைந்தால் வீடியோவின் காட்சிகளும் இழுபடும், அதற்கு மருந்து கிடையாது.

அணிவகுப்பிலும் மகள் இருந்தால், மேடை இருக்கும் பக்கமாக, மேடையைச் சற்றுத் தாண்டி நில்லுங்கள். மரியாதை செலுத்தும்போது அணி மொத்தமும் தலையை மேடைப் பக்கம் திருப்பும். எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்குப் பின்னந்தலைதான் கிடைக்கும். மேடைக்கு மிக அருகிலுள்ள ஓரத்து வரிசை மட்டும் பல இடங்களில் நேராகப் பார்த்தபடியே நடக்கும், மகள் அதில் இருந்தால் இன்னும் முன்னால் போய் எதிரே நிற்பதே சரி.

அப்புறம், உறவினர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.