ஒகேனக்கல் சுற்றுலா: 'ஆசிரியர்கள் கவனிப்பார்கள்' என்றால் யார் கவனிப்பார்கள்?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேரை ஒரு நாள் ஒகேனக்கலுக்கு அழைத்துப் போகிறோம். ஆசிரியர்கள் நாலு பேர். பாதுகாப்புத் திட்டத் தாளை வேறொரு ஆசிரியர் எழுதிவிட்டார், சரிபார்க்கும் வேலை எனக்கு. 'ஆற்றில் குளிக்க அனுமதி இல்லை. 11 முதல் 12.30 வரை பரிசல், லைஃப் ஜாக்கெட் உண்டு, ஆசிரியர்கள் கவனிப்பார்கள், அவசரத்துக்கு 108' என்று இருக்கிறது. இதில் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து மணிவாரியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பேருந்திலிருந்து இறங்குவது, கழிப்பறை, பாறை மேல் நடப்பது, பரிசலுக்குக் காத்திருப்பது, சாப்பாடு, திரும்ப ஏறுவது. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளியலுக்கும் பரிசலுக்கும் வரி இருக்கிறது. பாறைக்கும் காத்திருப்புக்கும் இல்லை.

பாறையைச் சும்மா சொல்லவில்லை. 2014 ஜூனில் இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் குளிக்கவில்லை, ஆற்றுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஒகேனக்கலிலும் வெயில் காய்கிறதே என்று நம்ப முடியாது. கர்நாடக அணைகளில் திறக்கும் தண்ணீர்தான் இங்கே வருகிறது. எல்லையில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தைக் கன அடியில் அளக்கிறார்கள். அது கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். உங்கள் தாளில் மூன்று வரி சேர வேண்டும்: முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நீர்வரத்தை யார் விசாரிப்பார், எந்த நிலை என்றால் பயணம் மாறும், மாறினால் எங்கே போவது. மூன்றாவது வரி இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். 46 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

அடுத்து, 'ஆசிரியர்கள் கவனிப்பார்கள்'. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். பரிசலோட்டியை விட்டால் ஒரு பரிசலில் மூன்று பிள்ளைகளும் ஒரு ஆசிரியரும் என்று வைப்போம். நாலு ஆசிரியரும் ஒரே நேரத்தில் ஏறினால் தண்ணீரில் 12 பிள்ளைகள். கரையில் 34 பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு ஆசிரியர்கூட இருக்க மாட்டார். சரி, இரண்டு பேர் கரையில் நிற்கட்டும். அப்போது ஒரு சுற்றுக்கு ஆறு பிள்ளைகள்தான் போக முடியும், மொத்தம் எட்டுச் சுற்று. சுற்றுக்கு அரை மணி என்றாலும் நாலு மணி நேரம். தாளில் இருப்பதோ ஒன்றரை மணி. என்ன நடக்கும் என்று சொல்லவா? நேரம் போகிறதே என்று ஆசிரியர் இல்லாமலே பரிசல்கள் கிளம்பும். ஆகவே பெரியவர்களைக் கூட்டுங்கள், அல்லது பரிசலை விட்டுவிட்டு அருவியைப் பார்த்து வரட்டும். எதுவானாலும் தலை எண்ணுவது யார், கரையில் யார், கழிப்பறைக்குக் கூட யார் போவது என்று பெயர் எழுத வேண்டும். ஓட்டுநரையும் நடத்துநரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவசரத் திட்டத்தைச் சோதிக்க எளிய வழி, ஒரு விபத்தைக் கற்பனை செய்து அந்த நாலு ஆசிரியர்களையும் உட்காரவைத்துக் கேட்பதுதான். மணி 12.10. ஒரு மாணவி பாறையில் வழுக்கித் தலையில் அடி, இரத்தம், கொஞ்சம் மயக்கம். யார் கூடப் போவது? ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் வந்து சேரும்வரை துணியை அழுத்திப் பிடிப்பது யார்? பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கா, அங்கிருந்து தர்மபுரிக்கு அனுப்பினால் கூட யார்? ஒரு ஆசிரியை போனதும் மீதி மூன்று பேருக்கு 45 பிள்ளைகள். அப்போது பரிசல் நிற்குமா, தொடருமா? பெற்றோர் எண்கள் யாரிடம் அச்சில் இருக்கின்றன? காட்டுப்பாதையில் சிக்னல் இல்லாவிட்டால் கைபேசிப் பட்டியலும் வாட்ஸ்அப் குழுவும் உதவாது. பெற்றோரிடம் பேசுவது ஒருவர் மட்டும், பள்ளியிலிருந்து, என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு பள்ளிக்கு இதைச் செய்து பார்த்தபோது ஆஸ்துமா உள்ள பையனின் இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். 'அவன் பையில்.' பை? 'பேருந்தில்.' பேருந்து? பூட்டி, சாவியோடு ஓட்டுநர் சாப்பிடப் போயிருப்பார். அந்தத் தாளில் 'முதலுதவிப் பெட்டி உண்டு' என்று அழகாக எழுதியிருந்தது.

இந்த விடுபட்ட வரிகளை மட்டும் எழுதித் தாளைத் திருப்பி அனுப்புங்கள். ஆள் கூடாமல் பரிசல் வரி மட்டும் அப்படியே திரும்பி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.