எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், பேக்கப் டிரைவ்: எது எங்கே இருக்க வேண்டும்? (கேள்வி பதில்)

தூரிகை: 1 டிபி என்விஎம்இ, உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க், வெளியே செருகுற 4 டிபி டிரைவ் ஒண்ணு. விண்டோஸ் 11. போட்டோ, வீடியோ வேலை. முடிஞ்ச வேலைகள் 2,100 ஜிபி, மாசம் 40 ஜிபி கூடுது. எப்படிப் பிரிக்கலாம்?

பதில்: விண்டோஸும் மென்பொருட்களும் இப்போது கையில் இருக்கும் வேலையும் C:-இல். முடிந்த வேலைகள் D:-இல், D:\Kaappu என்ற ஃபோல்டரில். Z: என்ற எழுத்தை வெளி டிரைவுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். C:-ஐப் பார்ட்டிஷனாக வெட்ட வேண்டாம். C:\Velai என்று ஒரு ஃபோல்டர் போதும். வெட்டினால் ஒரு பக்கம் நிரம்பித் திணறும்போது மறுபக்கம் சும்மா கிடக்கும்.

முதலில் பேக்கப் டிரைவுக்குக் கணக்குப் போடுங்கள், பலரும் கோட்டைவிடுவது அதில்தான். 4 டிபி என்று விற்கும் டிரைவை விண்டோஸ் ஏறத்தாழ 3,725 ஜிபி என்று காட்டும். அதில் உங்கள் பழைய வேலைகள் 2,100. நடப்பு வேலை 250 என்று வைத்துக்கொள்வோம். அதன் முந்தைய பதிப்புகளுக்கு 200. C:\Velai-ஐ விலக்கி, விண்டோஸும் மென்பொருட்களும் மட்டும் அடங்கிய C:-இன் இமேஜ் 110 ஜிபி வரும் என்றால், இரண்டு இமேஜுக்கு 220. கூட்டினால் 2,770. பத்தில் ஒரு பங்கு, அதாவது 370 ஜிபி, காலியாக இருக்கட்டும். மிஞ்சுவது 585 ஜிபி. மாதம் 40 வீதம் சுமார் பதினான்கு மாதம் தாங்கும். இதே கணக்கில் D: முப்பது மாதத்துக்கு மேல் போகும். ஆக, D: கால் பங்குக்கு மேல் காலியாக இருக்கும்போதே Z: நிரம்பிவிடும். முடிந்த வேலைகளின் ஆவணத்துக்கும் பேக்கப்புக்கும் ஒரே அளவு டிரைவ் வாங்கினால் இதுதான் நடக்கும். அடுத்த முறை வாங்குவது 6 அல்லது 8 டிபியாக, அதுவும் பேக்கப்புக்காக இருக்கட்டும்.

நடப்பு வேலைக்குப் பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் பேக்கப் மென்பொருள் வேண்டும். முடிந்த வேலைக்கு அது அவசியமில்லை, அதைக் கீழே சொல்கிறேன். இமேஜ் எடுக்கும் மென்பொருள் எதுவானாலும், அதை வைத்து பூட் ஆகும் பென் டிரைவ் ஒன்றை இன்றே செய்துவையுங்கள். C: போன பிறகு அதைச் செய்ய இன்னொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும்.

தூரிகை: வேலை முடிஞ்சதும் C:-லேர்ந்து D:-க்கு கட் பண்ணி பேஸ்ட் பண்ணிடலாம்தானே?

பதில்: கூடாது. கட் செய்த நிமிடத்திலிருந்து அடுத்த பேக்கப் ஓடும்வரை அந்த வேலை D: என்ற ஒரே தட்டில் மட்டும் இருக்கும். C:\Velai-யின் பழைய பதிப்பு Z:-இல் இருக்குமே என்பீர்கள். கடைசி நாள் செய்த திருத்தம் அதில் இருக்காது. பதிப்புகளைக் கழிக்கும் விதியும் ஒரு நாள் அதை அழித்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: C:-இலிருந்து D:-க்கு காப்பி. D:-இலிருந்து Z:-க்குப் பேக்கப். Z:-இல் இரண்டு பெரிய கோப்புகளைத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிடத்துக்கு இழுத்து ஓட்டிப் பாருங்கள், பாதியில் நின்ற காப்பி அங்கேதான் தெரியும். அதன் பிறகு C:-இல் அழியுங்கள். எந்த நேரத்திலும் ஒரு கோப்பு இரண்டு தட்டில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

கணியன்: அண்ணே, D:-லேர்ந்து Z:-க்கு robocopy /MIR போட்டு தினமும் ஓட விட்டிருக்கேன். ஒரு வரில முடிஞ்சுது. இதைவிட எளிமை உண்டா?

பதில்: எளிமைதான். D:-இல் நீங்கள் தவறுதலாக அழித்ததையும் அதே எளிமையுடன் Z:-இல் அழித்துவிடும். D:-இல் ஒரு ஃபோல்டர் காலியானால் இரவே Z:-இலும் காலி. முடிந்த வேலைகள் மாறக் கூடாதவை. அதனால் அங்கே இல்லாததை மட்டும் சேர்த்து, இருப்பதைத் தொடாத காப்பி போதும்:

```
if not exist Z:\backup.id exit /b 16
robocopy D:\Kaappu Z:\Kaappu /E /XC /XN /XO /R:1 /W:5 /LOG:C:\Log\kaappu.txt
```

backup.id என்பது நீங்களே Z:-இல் உருவாக்கி வைக்கும் வெறும் கோப்பு. வேறொரு பென் டிரைவ் Z: என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டால் முதல் வரி வேலையை நிறுத்திவிடும். /R:1 இல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்புக்காக robocopy பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் முப்பது விநாடி காத்திருக்கும். C:\Log ஃபோல்டரை முன்பே உருவாக்குங்கள். Task Scheduler முடிவாக 1 என்று காட்டினால் பதற வேண்டாம், கோப்புகள் காப்பியாயின என்று பொருள். 8-உம் அதற்கு மேலும்தான் கோளாறு.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் Z:-இல் அரைகுறைக் கோப்பு ஒன்று தங்கும். மறுமுறை ஓடும்போது, அது ஏற்கெனவே இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை எதையும் மாற்றாமல் ஒப்பிட்டு மட்டும் பாருங்கள்:

```
robocopy D:\Kaappu Z:\Kaappu /E /L /NDL
```

பட்டியலில் ஒரு கோப்பு வந்தால் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று திறந்து பார்த்து முடிவெடுங்கள். நீங்கள் தொடாத ஆயிரம் கோப்புகள் ஒரே நாளில் பட்டியலில் வந்தால் Z:-ஐ உடனே கழற்றிவிடுங்கள். ரேன்சம்வேராக இருக்கலாம்.

கணியன்: D:-ல ஃபோல்டர் பேரை மாத்தினா Z:-ல ரெண்டு தடவை ஏறுமே?

பதில்: ஏறும். புதிய பெயரில் முழுதும் மறுபடி காப்பியாகும், பழையது அப்படியே கிடக்கும். D:-இல் பெயர் மாற்றியதும் Z:-இலும் கையாலேயே மாற்றிவிடுவது ஒரு வழி. ரெஸ்டிக் போன்ற மென்பொருள் இன்னொரு வழி, ஒரே தரவை அது இருமுறை சேமிக்காது. ஆனால் அங்கே கோப்புகளைச் சாதாரணமாகத் திறந்து பார்க்க முடியாது, கடவுச்சொல் தொலைந்தால் எல்லாமே தொலைந்தது. 'எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் தெரியணும்' என்பவர்களுக்கு முதல் வழி. இரண்டுக்கும் நல்ல ஆதரவாளர்கள் உண்டு, தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெண்பலகை: எஸ்எஸ்டி தேயும். அதனால பேஜ்ஃபைல், டெம்ப், பிரவுசர் கேஷ் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்குக்கு மாத்தணும். இதை யாரும் சொல்லலையே?

பதில்: தேயும் என்பது சரி. எவ்வளவு என்று கணக்கிட்டால் அச்சம் போய்விடும். 1 டிபி அளவில் பரவலாகக் கிடைக்கும் டிஎல்சி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 30 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு 11 டிபி. ஐம்பது ஆண்டுக் கணக்கு. அதற்குள் மதர்போர்டே மாறியிருக்கும். பேஜ்ஃபைலை ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பினால் ரேம் நிரம்பும் நேரத்தில் முழுக் கணினியும் தட்டு சுழலக் காத்திருக்கும். எஸ்எஸ்டி வாங்கியதன் பயனே போய்விடும். வீடியோ மென்பொருளின் கேஷும் C:-இலேயே இருக்கட்டும், அளவுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். C:-இல் ஆறில் ஒரு பங்காவது காலியாக இல்லாவிட்டால் எழுதும் வேகம் நன்றாகவே இறங்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

சிறுதுளி: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினதும் கணினி பூட்டே ஆகலை. விண்டோஸ் எஸ்எஸ்டிலதானே இருக்கு?

பதில்: விண்டோஸ் அங்கே இருக்கிறது, பூட் பார்ட்டிஷன் ஹார்ட் டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது. நிறுவும்போது இரண்டு தட்டும் மாட்டியிருந்தால் சில வேளை இப்படி ஆகிவிடும். ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டி பூட் செய்து diskmgmt.msc-ஐத் திறந்து, EFI System Partition எந்த Disk வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் வரிசையில் இருந்தால், C:-ஐ 300 எம்பி சுருக்குங்கள். அந்த இடத்தில் FAT32-ஆக ஒரு EFI பார்ட்டிஷன் உருவாக்கி S: என்ற எழுத்து கொடுங்கள். diskpart-இல் create partition efi என்ற கட்டளைதான் அதற்கு, சாதாரண பார்ட்டிஷன் போதாது. பிறகு நிர்வாகி உரிமையில்:

```
bcdboot C:\Windows /s S: /f UEFI
```

இதற்கு முன் இமேஜ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், diskpart தவறான தட்டையும் கேள்வி கேட்காமல் அழிக்கும். BitLocker ஓடினால் அதன் ரெகவரி கீ உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், C:-க்குள்ளேயே சேமித்த கீ உதவாது. புதிதாக நிறுவுகிறவர்கள் ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவினால் இத்தனை தொல்லையும் இல்லை.

மழைக்குருவி: நான் மடிக்கணினி. உள்ளே ஹார்ட் டிஸ்க் போட இடமில்லை. வெளி எஸ்எஸ்டியையே ஆவணமா வச்சு அலமாரில போட்டுடலாமா?

பதில்: கேள்வி கொஞ்சம் வேறு திசையில் போகிறது, ஆனாலும் சொல்கிறேன். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல, செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பமான இடமென்றால் இன்னும் வேகமாக. வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கான ஜெடெக் அளவுகோல் கேட்பது, முழுதும் தேய்ந்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு தரவு நிற்க வேண்டும் என்பதுதான். புதிய டிரைவ் அதைவிட நீண்ட காலம் தாங்கும், ஆனால் அதை நம்பி ஒரே பிரதியை வைக்க மாட்டேன். உங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு: ஒன்று ஆவணம், ஒன்று பேக்கப். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

வெண்பலகை: அப்போ ரெய்டு 1 போட்டா பேக்கப் டிரைவே வேண்டாமே?

பதில்: ஒரு தட்டு செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் Delete அழுத்தினால் இரண்டிலும் அந்த நொடியே போகும்.

சிறுதுளி: பேக்கப் ஆரம்பத்துல வேகமா ஓடி, அப்புறம் 20 எம்பிக்கு இறங்கிடுது. டிரைவ் சாகப்போகுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே 35-40 எம்பி என்றால் யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வரும் இடத்தில் வேகம் இறங்குவதும் இயல்பு. பெரிய வீடியோக்களிலேயே முதல் சில பத்து ஜிபி நன்றாகப் போய்ப் பிறகு சரிந்தால், அது எஸ்எம்ஆர் வகைத் தட்டாக இருக்கும். தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், தற்காலிக இடம் நிரம்பியதும் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுதுகிறது. சேர்த்துக்கொண்டே போகும் பேக்கப்புக்கு அது போதும், முதல் முழுக் காப்பிக்கு ஓரிரவு விட்டுவிடுங்கள்.

சாகிறதா என்று அறிய, டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். C5 பூஜ்யமில்லை என்றால் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. 05 வாரத்துக்கு வாரம் ஏறினால் அன்றே வேறு டிரைவுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். C7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்.

தூரிகை: D: தட்டை ஓயவிடலாமா, சுத்திக்கிட்டே இருக்கட்டுமா?

பதில்: நாளுக்கு நாலைந்து முறை நின்று எழுந்தால் பாதகமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று எழுந்தால் அதுவே தேய்மானம். நடுவில் எது நல்லது என்று இந்தத் துறையில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. Power Options-இல் ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். Z:-ஐ மட்டும் பேக்கப் முடிந்ததும் எஜெக்ட் செய்து கேபிளையே உருவிவிடுங்கள்.